கடைப் பக்கத்தின் பாஸ்வேர்டும் கோட் ஃபோனும்: ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்தில் சின்னப் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறேன். கடையின் ஃபேஸ்புக் பக்கத்தை மூன்று பேர் பார்த்துக்கொள்கிறார்கள். பாஸ்வேர்டு யாரிடம், கோட் வரும் ஃபோன் யாரிடம் என்று எப்படி எழுதி வைப்பது?

பதில்:

முதலில் ஒன்று. ஃபேஸ்புக் பக்கத்துக்கென்று தனி பாஸ்வேர்டு கிடையாது. பக்கத்தை நிர்வகிக்கும் ஆளின் கணக்குக்குத்தான் உண்டு. உங்கள் மூன்று பேரும் ஒரே கணக்கில் நுழைகிறார்கள் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள். பக்கத்தின் Page access பகுதியில் அவரவர் சொந்தக் கணக்குக்கு Task access கொடுங்கள். படம் போட, வாடிக்கையாளருக்குப் பதில் எழுத அதுவே போதும். முழு உரிமை உங்களுக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் மட்டும் இருக்கட்டும். ஊழியரை நம்பவில்லையா என்று கோபப்படுபவர்கள் உண்டு. பக்கம் திருட்டுப் போனால் முதலில் சந்தேகப்படுவது அந்த ஊழியரைத்தான், அதிலிருந்து அவரைக் காப்பதும் இதுதான்.

முழு உரிமையுள்ள கணக்கில் நுழையும்போது பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் கோட் எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டாம். மின்வெட்டு நேரத்தில் டவரின் பேட்டரி தீர்ந்தால் எஸ்எம்எஸ் வராது. சிம் ஸ்வாப் மோசடியில் எண்ணே அடுத்தவன் கைக்குப் போய்விடும், இங்கே அது அடிக்கடி நடக்கிறது. அடையாளத்தை ஒழுங்காகச் சரிபார்க்காமல் புது சிம் கொடுத்துவிடுகிறார்கள், அவதி நமக்கு. அதனால் ஒரு பழைய ஃபோனில் ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டு வையுங்கள். சிம்மோ நெட்டோ இல்லாமலே 30 விநாடிக்கு ஒரு 6 இலக்க எண் காட்டும். எண் சரியாக அடித்தும் ஏற்கவில்லையென்றால் அநேகமாக ஃபோனின் கடிகாரம் பிசகியிருக்கும். தேதி, நேரத்தைத் தானியங்கியாக வைத்தால் சரியாகிவிடும்.

அந்த ஃபோன் உடைந்தால்? Two-factor authentication பகுதியில் Recovery codes என்று 10 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். புதிதாக 10 எடுத்தால் பழையவை செத்துவிடும், அதனால் தாளில் தேதி போடுங்கள். தாள் கடையில் இருக்கக் கூடாது, வீட்டில் இருக்கட்டும்.

இனி குறிப்பு. பாஸ்வேர்டை இதில் எழுதாதீர்கள்.

"முழு உரிமையுள்ள கணக்குகளின் பாஸ்வேர்டு என்னிடமும் வீட்டில் அக்காவிடமும் மட்டும். கோட் ஃபோன் கல்லாவுக்குக் கீழே பூட்டிய டிராயரில் இருக்கும். சாவி மூத்த தம்பியிடம். வெள்ளிக்கிழமைதோறும் அவர் சார்ஜ் போடுவார். அந்த ஃபோன் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. நானோ அக்காவோ கூப்பிட்டு, குரல் தெரிந்தால் மட்டும் எண்ணைப் படித்துச் சொல்லலாம். மெசேஜில் யார் கேட்டாலும், என் பெயரில் வந்தாலும், கொடுக்க வேண்டாம். 'காப்புரிமை மீறல், பக்கம் மூடப்படும்' என்று வரும் லிங்க்கைத் தொடாமல் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்."

சாவி தம்பியிடம், பாஸ்வேர்டு உங்களிடம் என்று பிரித்து வைத்தால் ஒருவர் ஏமாந்தாலும் பக்கம் போகாது. தீபாவளிக்கு முன் நீங்கள் இந்தியாவுக்குச் சரக்கு எடுக்கப் போனாலும் ஒரு ஃபோன் அழைப்பில் வேலை முடியும். யாராவது வேலையை விட்டால் அன்றே Page access-இலிருந்து பெயரை எடுங்கள். சாவி அவரிடம் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு, குறிப்பையும் மாற்றி எழுதி ஒட்டுங்கள்.