செமி ஆட்டோவில் சேர்த்துப் போடுவது

வணக்கம் சார். சின்ன லேப் ஒன்றில் காலை 7 முதல் 3 வரை தனியாகப் பார்க்கிறேன். செமி ஆட்டோ அனலைசர் ஒன்றுதான். ஒருவருக்குச் சர்க்கரை, கிரியாட்டினின், எஸ்ஜிபிடி மூன்றையும் முடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போவேன். இருபது பேர் வந்தால் மதியம் தாண்டிவிடுகிறது. ஒரே டெஸ்ட்டை எல்லாருக்கும் சேர்த்துப் போடச் சொல்கிறார் ஓனர். போட்டுப் பார்த்தேன். சர்க்கரை சரியாக வந்தது, எஸ்ஜிபிடி தாறுமாறாக வந்தது. என்ன தப்பு?
கோமதி, லேப் டெக்னீஷியன்

அன்புள்ள கோமதி,

உங்கள் ஓனர் சொன்னது சரிதான். ஆனால் சேர்த்துப் போடுவதில் இரண்டு விதம் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை.

எஸ்ஜிபிடிக்கு இருபது டியூபிலும் சீரத்தையும் ரீஏஜண்டையும் முதலிலேயே கலந்து ரேக்கில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சர்க்கரைக்கு அப்படிச் செய்யலாம். அது எண்ட் பாயிண்ட். 10 மைக்ரோலிட்டர் சாம்பிள், 1 மில்லி ரீஏஜண்ட், 37 டிகிரியில் 10 நிமிடம் என்பது வழக்கம். உங்கள் கிட்டின் தாளில் உள்ளதே கணக்கு. நிறம் முழுதாக வந்தபின் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். 15 நொடிக்கு ஒரு டியூப் என்று கலந்து, அதே வரிசையில், அதே இடைவெளியில் ரீடிங் எடுத்தால் போதும்.

எஸ்ஜிபிடி கைனெட்டிக். கலந்த நொடியிலேயே என்ஏடிஹெச் செலவாகத் தொடங்கிவிடும். அது குறையும் வேகத்தைத்தான் மெஷின் அளக்கிறது. காத்திருக்கும் டியூபில் அது பாதி தீர்ந்திருக்கும். மஞ்சள் காமாலைக்காரரின் சீரத்தில் முழுவதுமே தீர்ந்துபோய், ஆயிரத்துக்கு மேல் வரவேண்டியது நாற்பது என்று வரும். ஆபத்து என்னவென்றால் அது நார்மல் மாதிரியே தெரியும். முதல் அப்சார்பன்ஸைப் பாருங்கள். மற்ற டியூப்களைவிட அது மிகவும் தாழ்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சீரத்தைச் சலைனில் 1:10 கலந்து மறுபடி போட்டு, விடையைப் பத்தால் பெருக்குங்கள். ஜாஃபே முறைக் கிரியாட்டினினும் இதே ரகம். கலந்து வைத்துவிட்டுப் பிறகு அளந்தால் குறைத்துக் காட்டும்.

ஆகவே கைனெட்டிக்கில் சேர்த்துப் போடுவது என்றால், புரோகிராமை மாற்றாமல் ஒவ்வொரு டியூபாகக் கலந்து, உடனே உறிஞ்சவிட்டு, முடிந்தபின் அடுத்ததைக் கலப்பது. எஸ்ஜிபிடிக்கு ஒரு நிமிடம் தாமதம், மூன்று நிமிடம் ரீடிங் என்றால் இருபது பேருக்கு 80 நிமிடம். சேர்த்துப் போட்டாலும் இது குறையாது. குறைவது மாற்றங்கள்தான். ஆள்வாரியாகப் போனால் மூன்று டெஸ்ட், இருபது பேர், அறுபது முறை புரோகிராம் மாற்றி, கழுவி, பிளாங்க் வைக்கிறீர்கள். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம். டெஸ்ட்வாரியாகப் போனால் மூன்றே முறை. பைப்பெட்டை 10க்கும் 100க்கும் திருகித் திருகி, ஒரு தடவை மறந்துபோகும் தப்பும் ஒழியும்.

வரிசை இப்படி இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை முதலில், பிறகு கிரியாட்டினின், கடைசியில் எஸ்ஜிபிடி. சர்க்கரை மட்டும் கேட்டவர்களுக்கு ரிப்போர்ட் சீக்கிரம் கிடைத்துவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரும் ரத்தம் எஸ்ஜிபிடி ஓடும்போது வந்து சேரும். அதற்காக மெஷினைத் திருப்ப வேண்டாம், ஆனால் ரத்தத்தை அப்படியே வைக்கவும் கூடாது. செல்கள் சர்க்கரையைத் தின்னும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். ஃப்ளோரைடு டியூபிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் இறங்கும். எஸ்ஜிபிடி தானே ஓடும் மூன்று நிமிடத்தில் சென்ட்ரிஃபியூஜில் போட்டுவிட்டு, சுற்றி நின்றதும் பிளாஸ்மாவைப் பிரித்து வையுங்கள். பிரித்தபின் அவசரமில்லை; எல்லாம் சேர்ந்ததும் இரண்டாவது தொகுதியாகப் போடலாம். சர்க்கரை இன்குபேட்டரில் இருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு கிரியாட்டினினைப் போட்டுவிடலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம், அதிலேதான் மறுபடி புரோகிராம் மாற்றம். அந்த நேரத்தில் லேபிள் ஒட்டுங்கள், ரிஜிஸ்டர் எழுதுங்கள்.

சேர்த்துப் போடுவதில் புதிதாக வரும் தப்பு, வரிசை ஒன்று தள்ளிப்போவது. ஏழாவது டியூப் விட்டுப்போனால் எட்டாமவர் சர்க்கரை ஏழாமவர் பெயரில் போகும், கடைசிவரை அப்படியே. ரேக்கில் முதல் இடத்திலும் பதினோராவது இடத்திலும் கண்ட்ரோல் சீரம் வையுங்கள். பதினோராவதில் கண்ட்ரோல் மதிப்பு வராமல் வேறு எண் வந்தால், ரிப்போர்ட் எதையும் கொடுக்காமல் அங்கிருந்து பின்னோக்கிச் சரிபாருங்கள். அதேபோல, 400க்கு மேல் சர்க்கரை வந்த டியூபுக்குப்பின் ஃப்ளோ செல்லை ஒரு முறை தண்ணீரில் கழுவுங்கள். ஆள்வாரியாகப் போட்டபோது டெஸ்ட் மாற்றும் கழுவல் இதையும் சேர்த்துக் கவனித்தது, இப்போது இல்லை.

அவசரச் சாம்பிள் வந்தால் தொகுதியை உடைக்கத்தான் வேண்டும். ஓடுகிற எஸ்ஜிபிடி டியூப் முடியட்டும், அதிகம் போனால் நான்கு நிமிடம். அதற்குள் அவசரச் சாம்பிளுக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணோடு நிறுத்தினீர்கள் என்று ரேக்கிலேயே ஒரு காலி டியூபைத் தலைகீழாகச் செருகிவிட்டுப் போங்கள். திரும்பும்போது அடுத்த டியூபிலிருந்து தொடங்கலாம்.