கோவமும் வாற கிழமையும் எங்கையிருந்து வருது?

கேள்வி: "நேரம் போகுது, கோவம் வருது, மனம் கொதிக்குது எண்டெல்லாம் சொல்லுறம். உண்மையிலயே நாங்கள் அப்பிடி உருவகமாத்தான் யோசிக்கிறமா, இல்லை சும்மா பழக்கத்திலை வாற சொல்லா?"

ரெண்டும் இருக்கு. எது எது எண்டு பிரிச்சுப் பாக்கலாம், ஆனா ஒரு சொல்லை மட்டும் தூக்கி வைச்சுக்கொண்டு பிரிக்கேலாது. எங்கடை ஊர் வாசிகசாலையிலை நடந்த ஒரு கூத்திலையிருந்து தொடங்கிறன்.

புதன்கிழமை பின்னேரம் ஒரு கூட்டம் வைக்கிறதா இருந்தது. அதுக்கு முதல் கிழமையே குரூப்பிலை ஒரு மெசேஜ் வந்துது, "கூட்டம் ரெண்டு நாள் முன்னுக்குத் தள்ளப்பட்டிருக்கு" எண்டு. திங்கக்கிழமை போனா அஞ்சு பேர் இருக்கினம், மிச்ச ஆக்கள் வெள்ளிக்கிழமை வந்து பூட்டின கதவைப் பாத்திட்டுப் போனவை. மெசேஜ் போட்ட அண்ணைக்கு ரெண்டு பக்கத்தாலயும் பேச்சு. ஆனா அவர் பிழையாத் தமிழ் எழுதேல்லை. 'முன்னுக்கு' எண்ட சொல்லுக்குள்ள ரெண்டு படம் இருக்கு, அதுதான் பிரச்சினை.

முதல் படம் சாமி வெளிவீதி வாற மாதிரி. மேளம் முன்னுக்கு, பஜனைக்காரர் அதுக்குப் பின்னாலை, சாமி அதுக்கும் பின்னாலை. வீதியோரம் நிக்கிற எங்களுக்கு முன்னுக்குப் போறதுதான் முதல்ல வந்து சேரும். நாட்களும் இப்பிடி வரிசையா எங்களை நோக்கி வருது எண்டு பாத்தா, வரிசையிலை முன்னுக்கு நகர்த்தினா கூட்டம் வேளைக்கு வரும், அப்ப திங்கள். ரெண்டாவது படத்திலை நாட்கள் அசையாது, நாங்கள்தான் ரோட்டிலை நடந்து போறம். எங்களுக்கு முன்னாலை கிடக்கிறது இனி வரப்போறது. அதை இன்னும் முன்னுக்குத் தள்ளினா அது எங்களைவிட்டுத் தூரப் போகும், அப்ப வெள்ளி.

இது எங்கடை ஊர்க் குழப்பம் மட்டுமில்லை. ஆங்கிலத்திலை கிட்டத்தட்ட இதே வசனத்தை வைச்சு ஆராய்ச்சியே செய்திருக்கினம். லெரா பொரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002இல வெளியிட்ட வேலையிலை விமான நிலையத்திலை நிண்ட ஆக்களிட்டை இந்தப் புதன்கிழமைக் கேள்வியைக் கேட்டவை. அப்பதான் பிளேனாலை இறங்கினவை, ஆரையோ கூட்டிக்கொண்டு போக வந்து காத்துக்கொண்டு நிண்டவையைவிடக் கூடுதலா வெள்ளி எண்டு சொன்னவை. தாங்கள் இடத்திலை நகர்ந்த யோசனை உடம்பிலை இருக்கேக்க, காலத்துக்குள்ளயும் தாங்கள்தான் நகருறம் எண்டு படம் பிடிச்சிருக்கினம். இந்தத் துறையிலை இப்பிடியான வேலை முக்கியம், ஏனெண்டா ஜோர்ஜ் லேக்கொஃபும் மார்க் ஜோன்சனும் 1980இல நாங்கள் உருவகமாத்தான் யோசிக்கிறம் எண்ட கருத்தை எழுதேக்க அவைக்கு விழுந்த பெரிய அடி இதுதான்: "சொல்லை வைச்சு எண்ணத்தை நிரூபிக்கிறியள், பிறகு அந்த எண்ணத்தை வைச்சே சொல்லை விளக்கிறியள்." அந்த வட்டத்திலையிருந்து வெளியிலை வரவேணுமெண்டா சொல்லுக்கு வெளியிலை ஏதாவது காட்டவேணும்.

தமிழிலை 'தள்ளு' எண்ட வினை வேறை நடுவிலை நிண்டு விளையாடுது. 'தள்ளிப் போட்டாச்சு' எண்டாலே பிந்திப் போச்சு எண்டுதான் எங்களுக்குக் காது பழகியிருக்கு. அதாலை 'முன்னுக்கு' ஒரு பக்கம் இழுக்க 'தள்ளு' மற்றப் பக்கம் இழுக்குது. அந்த அண்ணை 'முன்னுக்கு எடுத்தாச்சு' எண்டு எழுதியிருந்தா அவ்வளவு பேர் வெள்ளிக்கிழமை வந்திருக்க மாட்டினம். வெள்ளிக்கு மாத்தி 'பிற்போட்டாச்சு' எண்டு எழுதியிருந்தா ஒருத்தரும் குழம்பியிருக்க மாட்டினம்.

இந்த இடத்திலை நெட்டிலை அடிக்கடி காணுற ஒரு கதையையும் சொல்லவேணும். "முன்னோர், முன்பு, மூண்டு நாளைக்கு முன் எண்டெல்லாம் சொல்லுறம், அப்ப தமிழருக்கு இறந்தகாலம் கண்ணுக்கு முன்னாலை இருக்கு, அயிமாரா ஆக்கள் மாதிரி" எண்டு எழுதுவினம். கேக்க வடிவா இருக்கும், ஆனா பிழை. அன்டீஸ் மலைப்பக்கத்து அயிமாரா மொழியிலை 'நய்ர' எண்டா கண், முன்பக்கம், அதேநேரம் கடந்த காலம். 2006இல ரஃபாயெல் நுஞ்ஞெஸும் ஈவ் ஸ்வீட்சரும் சொல்லோடை நிக்காமல் அந்த ஆக்கள் கதைக்கேக்க கை எங்கை போகுது எண்டு வீடியோவிலை பாத்தவை. பழைய காலத்தைச் சொல்லேக்க, முக்கியமா வயசுபோன ஆக்களின்டை கை, முன்னுக்குப் போகுது. அங்கை ஆளுக்கு முன்னாலை கிடக்கிறது இறந்தகாலம்.

எங்கடை 'மூண்டு நாளைக்கு முன்' அப்பிடியில்லை. அதிலை முன் எண்டது எனக்கு முன்னாலை இல்லை, வரிசையிலை ஒண்டுக்கு முன்னாலை மற்றது, அந்த மேளமும் சாமியும் கதைதான். என்னை நடுவிலை வைச்சுச் சொல்லிப் பாருங்கோ: "உனக்கு முன்னாலை எவ்வளவு காலம் கிடக்கு பிள்ளை." உடனை அது எதிர்காலமா மாறிடும். 'எதிர்காலம்' எண்ட சொல்லே முகத்துக்கு நேரை நிக்கிறதைத்தானே சொல்லுது. என்டை அம்மம்மா "அந்தக் காலத்திலை" எண்டு தொடங்கினா கை தோளுக்கு மேலாலை பின்னுக்குத்தான் போகும். ஒரு அம்மம்மாவின்டை கை ஆதாரமில்லை எண்டு தெரியும், ஆனா உங்கடை வீட்டிலயும் ஒருக்காப் பாருங்கோ.

காலத்தைக் காசாப் பாக்கிற உருவகம் பற்றி எல்லாரும் எழுதுறவை, நான் நீட்டேல்லை. ஒண்டே ஒண்டு: 'மினக்கெடாதை' எண்டு சொல்லுறமே, அது வினை கெடுறதிலையிருந்து வந்த சொல். அதிலை வீணாப் போறது காசில்லை, வேலை.

சரி, இனிக் கோவம். கோவமும் வருது, வாற கிழமையும் வருது. அப்ப ரெண்டையும் எங்களை நோக்கி வாற பொருளா யோசிக்கிறம் எண்டு உடனை முடிவுக்கு வரலாமா? இங்கைதான் கவனம் வேணும். தடிமன் வருது, தும்மல் வருது, நித்திரை வருது, விசர் வருது, எல்லாம் எங்களுக்கு 'வருது'தான். எனக்கு எண்டு நாலாம் வேற்றுமையிலை ஆளைப் போட்டு 'வருது' எண்டு முடிக்கிறது தமிழின்டை சாதாரண இலக்கணம், எங்கடை கையிலை இல்லாமல் உடம்பிலையும் மனசிலையும் நடக்கிறதுக்கு எல்லாம் அதுதான் அச்சு. ஆகவே தனி 'வருது'வை வைச்சு ஒண்டும் நிரூபிக்கேலாது. பக்கத்திலை அதின்டை குடும்பம் இருக்கா எண்டு பாக்கவேணும்.

எங்கடை பெரியப்பாவுக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் வேலிச் சண்டை. கதியாலை ஒரு முழம் உள்ளுக்கு நட்டுப்போட்டினம் எண்டு பெரியப்பா காலமையிலையிருந்து முத்தத்திலை நிண்டு கத்திக்கொண்டு நிக்கிறார். அம்மம்மா திண்ணையிலை இருந்தபடி சொல்லுறா, "உவனுக்கு ஏறிட்டுது. இறங்கட்டும். அதுக்குப் பிறகு கதைப்பம்." குசினிக்குள்ளையிருந்து பெரியம்மா, "அந்தாள் விடிஞ்சதிலையிருந்து கொதிச்சுக்கொண்டு நிக்குது, நீ வேறை போய் விறகை வைக்காதை தம்பி" எண்டு எனக்கு.

ஒரே ஆள், ஒரே கோவம், ரெண்டு படம். அம்மம்மாவின்டை 'ஏறிட்டுது, இறங்கட்டும்' கோயிலிலை உரு வந்து ஆடுற ஆளைச் சொல்லுற பேச்சு. வந்திட்டுது, பிடிச்சிட்டுது, ஏறிட்டுது, ஆட்டிப் படைக்குது, இறங்கிட்டுது, எல்லாம் அப்பிடியே ரெண்டுக்கும் பொருந்தும். இங்கை 'வருது' தனிய இல்லை, அதின்டை குடும்பமே கூட நிக்குது. பெரியம்மாவின்டை படம் அடுப்பிலை வைச்ச பானை. கொதிக்கும், பொங்கும், அடக்கி வைச்சா வெடிக்கும், தணியும், ஆறும். இந்தப் பானைப் படம் எங்களுக்கு மட்டும் உரியதில்லை, ஆங்கிலத்திலை, ஹங்கேரியனிலை, ஜப்பானிய மொழியிலை எல்லாம் இருக்கு எண்டு சோல்தான் கொவெச்செஸ் எண்ட மொழியியலாளர் காட்டியிருக்கிறார். கோவத்திலை உடம்பு சூடாகிறது, அமுக்கம் கூடுறது எல்லாருக்கும் பொது எண்டதுதான் அதுக்கு அவை சொல்லுற காரணம்.

உருவகம் உயிரோடை இருக்கா எண்டு பாக்கிறதுக்கு எனக்குப் பிடிச்ச சோதனை அந்த 'விறகை வைக்காதை'தான். அது அகராதியிலை கோவத்துக்கு எண்டு போட்ட சொல்லில்லை. பெரியம்மா அந்த நேரம் வாயிலை வந்ததைச் சொன்னா, எனக்கு உடனை விளங்கினது. படம் தலைக்குள்ள இல்லாட்டி அது விளங்கியிராது. இன்னொண்டு, ரெண்டு பேரும் செய்ததும் வேறை வேறை. அம்மம்மா ஒண்டும் செய்யாமல் பாக்கை இடிச்சுக்கொண்டு இருந்தா, வந்தது தானாப் போகும் எண்டு. பெரியம்மா போய் அந்தக் காணி உறுதிக் கொப்பியை எடுத்து அலுமாரிக்குள்ள ஒளிச்சுப்போட்டு வந்தா, எரியிறதை இழுத்து எடுக்கிற மாதிரி. படம்தான் அவையை அப்பிடிச் செய்ய வைச்சுது எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன், ரெண்டு பேரின்டை சுபாவமும் அப்பிடித்தான். ஆனா பொருந்தி நிக்குது.

இந்தச் சூட்டுக் கதையிலை ஒரு இடம் மட்டும் வெளிநாட்டுக்காரர் சொன்னபடி எங்களுக்குச் சரிவராது. அன்பு எண்டா சூடு, குழந்தையை அணைக்கிற சூட்டிலையிருந்து வாறது, அது எல்லா மனிசருக்கும் பொது எண்டு இந்தக் கோட்பாட்டுக்காரர் சொல்லுறவை. எங்களுக்கோ மனம் குளிரவேணும், கண் குளிரவேணும், வயிறு குளிரவேணும். 'உருகிறது' எண்டு ஒண்டு இருக்குத்தான், அதுக்குச் சூடு வேணும், இல்லையெண்டேல்லை. ஆனா நல்லது நடந்தா எங்கடை வாயிலை முதல் வாறது குளிர்தான். செத்தவீட்டுக்குப் போய் நாங்கள் சொல்லுறதும் ஆறுதல். கொதிக்கிற தேத்தண்ணி ஆறுற அதே ஆறுதல்.

அதே சொல்லைத்தான் ஓட்டோக்காரருக்கும் சொல்லுறம், "ஆறுதலா ஓடுங்கோ அண்ணை" எண்டு. அங்கை சூடும் இல்லை, கவலையும் இல்லை, அவசரப்படாதேங்கோ எண்டு நேரத்தைப் பற்றின பேச்சு. உணர்ச்சியிலையிருந்து காலத்துக்கு ஒரு உருவகம் நடந்து வந்திருக்கு எண்டு எழுத எனக்கும் ஆசைதான். ஆனா 'ஆறு' எண்டதுக்கு இளைப்பாறுறது எண்ட பொருளும் பழசிலையிருந்தே இருக்கு, அதிலையிருந்து நேரை வந்திருந்தா இங்கை உருவகமே தேவையில்லை. 'கொஞ்சம் சூடா ஓடுங்கோ' எண்டு ஆரும் வேகத்துக்குச் சொல்லிக் கேட்டிருந்தா கீழை எழுதுங்கோ, அப்ப மாத்தி யோசிக்கிறன்.