ஐந்து மார்க் விடைக்கு ஒன்றரைப் பக்கம் எதற்கு?

சென்ற மாதம் தோ பாயோவிலிருந்து ஓர் அம்மா மகனோடு என்னைப் பார்க்க வந்தார். திருச்சியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய அண்ணனும் கூட வந்திருந்தார். பையன் உயர்நிலை 4. உயிரியல் முன்னோடித் தேர்வின் தாளை மேசையில் விரித்து ஒரு கேள்வியைக் காட்டினார் அம்மா. கேள்விக்கு 5 மார்க். தம்பி புள்ளிக்கோடுகளெல்லாம் தீர்ந்து ஓரத்திலும் நெருக்கி எழுதியிருந்தான். கிடைத்தது 2.

"சார், அஞ்சு மார்க் ஆன்சர் ஒண்ணு எழுதிக் கொடுங்க, அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றான் தம்பி. மாமாவுக்கோ வேறு கவலை. "எங்க ஊர்ல அஞ்சு மார்க்குன்னா ஒன்றரைப் பக்கம். இவனுக்கு எழுதுற பழக்கமே இல்ல. இப்படி இருந்தா தொடக்கக் கல்லூரி, மெடிசின் எல்லாம் எப்படி?" அம்மா ஏற்கெனவே ஒரு துணைப்பாட நிலையத்தில் அறுநூறு வெள்ளி முன்பணம் கட்டத் தயாராக இருந்தார். எல்லாக் கேள்விக்கும் மாதிரி விடைத் தொகுப்பு தருவார்களாம்.

கட்ட வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆறுதல் சொல்லி அனுப்பினால் அந்த அறுநூறு வெள்ளி அடுத்த வாரமே போயிருக்கும்.

மாமா சொன்னதில் பிழை இல்லை, ஆனால் அது அவர் ஊர்க் கணக்கு. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தாளில் ஐந்து மார்க் என்பது தனிப் பகுதி. மாணவன் நெடுவிடை எழுதுவான், படம் போடுவான், அடிக்கோடு இடுவான். இங்கே சிங்கப்பூரில், உயர்நிலை 4 முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வின் அறிவியல் தாளில் கேள்வி முடிவில் இருக்கும் அந்த எண் நீளத்தைச் சொல்வதில்லை. திருத்துபவர் தேடப்போகும் தனித்தனிக் கருத்துகள் எத்தனை என்பதைத்தான் சொல்கிறது. உயிரியல் இரண்டாம் தாளுக்கு 1 மணி 45 நிமிடம், மொத்தம் 80 மார்க். மார்க்குக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். ஐந்து மார்க்குக்கு ஆறரை நிமிடம். தம்பி பன்னிரண்டு நிமிடம் செலவழித்திருந்தான். கடைசிக் கேள்வியின் ஒரு பகுதி வெறுமையாகக் கிடந்தது.

அந்தக் கேள்வி இதுதான்: சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் உயரும் குளுக்கோஸ் எப்படிப் பழைய அளவுக்குத் திரும்புகிறது என்று விளக்குக. தம்பி முதலில் உடல் சமநிலைக்கு மூன்று வரி வரையறை எழுதியிருந்தான். பிறகு நீரிழிவின் அறிகுறிகள், அதன் இரண்டு வகைகள். நடுவில் எங்கோ "கணையம் இன்சுலினைச் சுரக்கிறது", "குளுக்கோஸ் கிளைகோஜனாகிறது" என்று இரண்டு வாக்கியங்கள். இரண்டு மார்க்கும் அங்கிருந்துதான் வந்தன. மீதி எல்லாம் உண்மை, ஆனால் யாரும் கேட்காதது. யாரும் கேட்காத உண்மைக்கு மார்க் கிடையாது.

மாதிரி விடையை மனப்பாடம் செய்பவனுக்கு இந்த இடம் தெரியாது, ஏனென்றால் மாதிரி விடை எந்த வாக்கியத்துக்கு மார்க் விழுகிறது என்று காட்டுவதில்லை. அதைக் காட்டுவது மதிப்பெண் திட்டம். சிங்கப்பூர்த் தாள்களுக்கு அது வெளியாவதில்லை. கடையில் விற்கும் பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பில் இருப்பது பதிப்பாளர் எழுதிய விடை. ஆனால் நம் சாதாரண நிலைத் தேர்வைச் சேர்ந்து நடத்தும் கேம்பிரிட்ஜ், தன் அனைத்துலக உயிரியல் தேர்வின் (0610) பழைய தாள்களையும் மதிப்பெண் திட்டங்களையும் தன் இணையத்தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பாடத்திட்டம் அப்படியே ஒன்றல்ல, நம் பாடத்தில் இல்லாத கேள்வியைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் விடை எப்படி எடைபோடப்படுகிறது என்பதைக் கற்க இதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியவில்லை. பெற்றோர் யாரும் இதைத் திறந்து பார்ப்பதில்லை.

திறந்தால் முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். முழு வாக்கியங்களே இருக்காது. துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஓர் அரைப்புள்ளி `;` இருக்கும், அது ஒரு மார்க். `/` போட்டிருந்தால் இரண்டில் எதை எழுதினாலும் சரி. `R` என்றால் அதை எழுதினால் ஏற்க மாட்டார்கள். ஒரு சொல்லின் கீழ்க் கோடு இருந்தால் அந்தச் சொல்லே வேண்டும், சுற்றி வளைத்துச் சொன்னால் போதாது. ஐந்து மார்க் கேள்விக்கு ஏழெட்டுத் துண்டுகள் இருந்து, ஓரத்தில் `max 5` என்று நிற்பதும் உண்டு. எல்லாம் எழுத வேண்டியதில்லை, ஐந்து பிடித்தால் போதும் என்று பொருள்.

தம்பியின் கேள்வியை அதே பாணியில் நாங்கள் பிரித்தோம். குளுக்கோஸ் அளவு உயர்ந்ததைக் கணையம் உணர்கிறது. அதிலுள்ள சுரப்புத் திட்டுகள் கூடுதல் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் இரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கும் தசைகளுக்கும் போகிறது. அந்தச் செல்கள் குளுக்கோஸைக் கூடுதலாக உள்ளே எடுக்கின்றன. உள்ளே அது கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. இரத்தத்தில் அளவு இறங்குகிறது, இன்சுலின் சுரப்பும் குறைகிறது. ஆறு துண்டு, ஏழெட்டு வரி. "விளக்குக" என்றதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகச் சங்கிலிபோல வர வேண்டும். அதே கேள்வி ஒரு வரைபடத்தைக் காட்டி "விவரி" என்று கேட்டிருந்தால் காரணம் தேவையில்லை. எந்த நேரத்தில் எவ்வளவு உயர்ந்தது, எப்போது இறங்கியது என்று எண்ணோடும் அலகோடும் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு அறிவியலுக்கு. சமூகவியல் போன்ற பாடத்தில் திருத்துபவர் துண்டுகளை எண்ணுவதில்லை. விடை எந்தப் படிநிலையில் இருக்கிறது என்று பார்ப்பார். அங்கே ஆதாரம் காட்டாத ஐந்து கருத்துகளைவிட, ஆதாரத்தோடு நிறுவிய ஒன்று மேலே போகும்.

"இவனுக்கு இப்படிக் கோர்வையா யோசிக்க வருமா?" என்று மாமா கேட்டார். பேச்சுவாக்கில் அம்மா ஒன்று சொல்லியிருந்தார்: வீட்டில் தோசை மாவு கரைப்பது தம்பிதான், எத்தனை மணி நேரம் புளித்தது என்று ஒரு நோட்டில் குறிப்பான். அதைப் பிடித்துக்கொண்டு, என்றைக்காவது மாவு பொங்கி வழிந்ததா என்றேன். நிறுத்தாமல் சொன்னான். அன்று வெயில் அதிகம், நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகின, வாயு கூடியது, உளுந்தின் கொழகொழப்பு வாயுவை வெளியே விடாமல் பிடித்து மாவை உப்ப வைத்தது, பாத்திரத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றியிருந்தான். விரலால் எண்ணிக் காட்டினேன், ஐந்து. மாமா ஒன்றும் சொல்லவில்லை.

மெடிசின் யார் ஆசை என்று கேட்டபோது தம்பி தரையைப் பார்த்தான். அதற்கு மேல் நான் துருவவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் உணவு அறிவியல் டிப்ளோமா இருக்கிறது. சாதாரண நிலை முடிவு வருவதற்கு முன்பே, ஆர்வத்தையும் செய்துகாட்டிய வேலையையும் பார்த்து நேர்காணல் வைத்து இடம் தரும் முன்கூட்டிய சேர்க்கையும் இருக்கிறது. அந்த மாவு நோட்டு அங்கே காட்டத் தகுந்தது. ஆனால் இடம் கிடைத்தாலும் நிபந்தனை உண்டு: ஆங்கிலம், தொடர்புடைய இரண்டு பாடம், சிறந்த வேறு இரண்டு ஆகியவற்றின் தரப்புள்ளி மொத்தம் 26ஐத் தாண்டக் கூடாது. இந்தப் புள்ளி குறையக் குறையத்தான் தரம் உயர்வு. அதனால் அந்த 2 மார்க் 5 ஆக வேண்டியது எப்படியும் அவசியம். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதற்காக இரண்டு ஆண்டுத் தொடக்கக் கல்லூரியும், அதோடு வரும் துணைப்பாடச் செலவும் வேண்டாம் என்று அம்மாவிடம் அழுத்தமாகவே சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியைப் புதிதாக எழுதி அனுப்பினான். எட்டு வரி, ஆறு நிமிடம். அவன் ஆசிரியர் 4 போட்டிருந்தார். கிளைகோஜன் என்று எழுத வேண்டிய இடத்தில், குளுக்ககான் என்ற ஹார்மோனும் கலந்து "கிளைக்ககான்" என்று விழுந்திருந்தது. இரண்டில் எது என்று தெரியாத எழுத்துக்கு மார்க் இல்லை.