38,000 ஓமைத் தேடாதீர்கள்

ஐயா, இ.எல்.84 வால்வு ஒன்றை மட்டும் வைத்து ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறேன். ஸ்பீக்கர் 8 ஓம். வால்வின் உள்தடை 38,000 ஓம் என்று டேட்டா ஷீட் சொல்கிறது. மூலத்தின் தடையும் சுமையின் தடையும் சமமாக இருந்தால்தான் அதிகபட்ச பவர் கிடைக்கும் என்று கல்லூரியில் படித்தேன். அப்படியானால் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதம் 69-க்கு 1 வர வேண்டும். கடையில் ‘5,000 ஓம்’ என்று ஒரு டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்தார்கள். மல்டிமீட்டரில் பிரைமரி 310 ஓம்தான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? ஆக்சிஜன் நீக்கிய செம்புக் கம்பியில் நானே சுற்றிக்கொள்ளட்டுமா?

அன்புள்ள தம்பி,

யாரும் உங்களை ஏமாற்றவில்லை. கம்பி விஷயத்தை விடுங்கள், சாதாரண எனாமல் கம்பியே போதும். என்னை எழுத உட்கார வைத்தது அந்த 69தான். உங்கள் கணக்கில் பிழையில்லை. சுமையின் ஓம் சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி பிரைமரியில் தெரியும். 69-இன் வர்க்கத்தை 8-ஆல் பெருக்கினால் 38,000 வரத்தான் செய்யும். ஆனால் எதற்குச் சமமாக்குவது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், பாடத்தில் படித்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

அந்த விதி எந்த மூலத்துக்குப் பொருந்தும்? வோல்டேஜும் கரண்டும் எவ்வளவு கேட்டாலும் தருகிற, உள்தடையைத் தவிர வேறு தடங்கலே இல்லாத மூலத்துக்கு. டிவி ஆன்டெனா அப்படிப்பட்டது. 300 ஓம் மடிப்பு டைபோலை 75 ஓம் கேபிளுடன் இணைக்க 2-க்கு 1 சுற்று போட்டால் சரியாகப் பொருந்திவிடும்.

உங்கள் வால்வுக்கு அப்படியில்லை, இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது. பிளேட்டில் 250 வோல்ட், சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட் 48 மில்லியாம்பியர். சிக்னல் வரும்போது பிளேட் வோல்டேஜ் 250-லிருந்து கிட்டத்தட்ட பூஜ்யம் வரை இறங்கலாம், அதற்குக் கீழே போகாது. கரண்டும் 48-லிருந்து பூஜ்யம் வரை குறையலாம், அதோடு சரி. இந்த இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் தொடுகிற சுமைதான் நமக்கு வேண்டும். 250-ஐ 0.048-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 5,200 ஓம் வரும். 250-ஐயும் 0.048-ஐயும் பெருக்கிப் பாதியாக்கினால் 6 வாட். டேட்டா ஷீட்டில் உள்தடை இருக்கும் அதே பக்கத்தில் சுமை 5.2 கிலோ ஓம், பவர் 5.7 வாட் என்றும் போட்டிருக்கிறதே, அதைப் பார்க்கவில்லையா?

நீங்கள் கேட்ட 38,000 ஓமையே கொடுத்தால் என்ன ஆகும்? கரண்ட் வெறும் 6.6 மில்லியாம்பியர் ஏறி இறங்குவதற்குள் வோல்டேஜ் 250-ஐயும் தின்று தீர்த்துவிடும். கிடைப்பது 0.8 வாட். கையில் 48 இருக்க 6.6-ஐ மட்டும் செலவு செய்கிறீர்கள். சிக்னல் மிகச் சிறியதாக, எந்தச் சுவரையும் தொடாமல் இருக்கும்வரை உங்கள் பாடம் சரிதான், அந்தச் சிறிய சிக்னலுக்கு 38,000 ஓமில்தான் அதிக பவர் போகும். சத்தத்தைக் கூட்டினால் அத்தனையும் கரகரப்பு. சிறிய சிக்னலுக்கான கணக்கைப் பெரிய சிக்னலுக்குப் போட்டதுதான் தவறு.

அடுத்து அந்த 310. மீட்டர் காட்டுவது செம்புக் கம்பியின் டிசி தடை. உங்கள் 8 ஓம் ஸ்பீக்கரை அதே மீட்டரில் வையுங்கள், 6 ஓம் அளவில்தான் காட்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கென்று தனியாக 5,000 ஓம் கிடையாது தம்பி. அதற்கு விகிதம் மட்டும்தான் உண்டு. அந்த 5,000 ஸ்பீக்கரிடமிருந்து வருவது.

விகிதத்தை அளக்க, எதனுடனும் இணைக்காத நிலையில், 8 ஓம் செகண்டரிக்கு ஒரு 6 வோல்ட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஏசி கொடுங்கள். செகண்டரியில் 6.2 வோல்ட் இருக்கும்போது பிரைமரியில் 158 வோல்ட் காட்டினால் விகிதம் 25.5, அதன் வர்க்கம் 650, எட்டால் பெருக்கினால் 5,200. பிரைமரி முனைகளில் 150 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் என்பதை மறந்து விரலை வைத்துவிடாதீர்கள். மீட்டர் கிளிப்பை முதலில் மாட்டிவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

இதே டிரான்ஸ்ஃபார்மரில் நாளைக்கு 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்குத் தெரிவது 2,600 ஓம். இப்போது கரண்ட் சுவர் முதலில் வரும், பவர் 3 வாட்டுக்கு இறங்கும். செகண்டரியில் 4 ஓம் முனை தனியாக இருந்தால் அதில் மாட்டுங்கள்.

ஸ்பீக்கரே இல்லாமல் மட்டும் சிக்னல் கொடுக்காதீர்கள். சுமை இல்லாவிட்டாலும் இந்த வால்வு கரண்டைத் தள்ளப் பார்க்கும், பிரைமரியில் வோல்டேஜ் நூற்றுக்கணக்கில் எகிறி, சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே பொறி பாய்ந்து காப்பு கருகிவிடும். சோதனை செய்யும்போது ஸ்பீக்கர் கைவசம் இல்லையென்றால் 8 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் செகண்டரியில் சால்டர் செய்துவிட்டே பவர் போடுங்கள்.