ஆம்பியர் குறையும், யூனிட் குறையாது: பாரம் குறைந்த மோட்டாருக்கு எத்தனை கேவிஏஆர்?

கேள்வி: "அம்பத்தூரில் பிளாஸ்டிக் கழிவு அரைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய 7.5 எச்.பி. மோட்டார்கள் எரிந்தபோது, பெரிதாகப் போட்டால் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னதால் இரண்டு 15 எச்.பி. மோட்டார்கள் வாங்கினேன். இப்போது பில்லில் பவர் ஃபேக்டர் 0.51 என்று வந்து அபராதம் விழுகிறது. 25 கேவிஏஆர் பெட்டி ஒன்றை மாட்டினால் யூனிட்டே 30 சதவீதம் குறையும் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஆம்பியர் குறைவதை மீட்டரிலும் காட்டினார். வாங்கலாமா?"

பதில்: வாங்க வேண்டாம். உங்களுக்குக் கெப்பாசிட்டர் தேவைதான். ஆனால் அந்தப் பெட்டியும் அந்த அளவும் தேவையில்லை, அவர் சொல்லும் காரணமும் சரியில்லை.

இண்டக்ஷன் மோட்டார் இரண்டு வேலைகளுக்காக மின்சாரம் எடுக்கிறது. ஒன்று, பெல்ட்டை இழுத்து பிளாஸ்டிக்கை அரைக்கும் உண்மையான வேலை. மற்றது, தன் உள்ளே காந்தப்புலத்தை எழுப்பி வைத்துக்கொள்வது. இரண்டாவதற்காக எடுக்கும் ஆற்றலை மோட்டார் செலவழிப்பதில்லை. காலையில் வாங்கிய கைமாற்றை மாலையில் திருப்பிக் கொடுப்பதுபோல, நொடிக்கு 100 முறை வாங்கி வாங்கித் திருப்பித் தருகிறது. இந்தக் கைமாற்றை அளக்கும் அலகுதான் கேவிஏஆர். மொத்தமாக இழுப்பதில் உண்மையான வேலைக்குப் போகும் விகிதம்தான் பவர் ஃபேக்டர். அரைக்கும் வேலை குறைந்தால் முதல் பங்கு குறைந்துவிடும். காந்தப்புலத்துக்கான கைமாற்றோ, மோட்டார் முழுப் பாரத்தில் ஓடினாலும் வெறுமனே சுற்றினாலும் ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கும். பெரிய மோட்டாரைச் சிறிய வேலைக்குப் பூட்டியதும் பவர் ஃபேக்டர் சரிவது இதனால்தான். மோட்டாரில் பழுது எதுவும் இல்லை.

கணக்கை ஒரு மோட்டாருக்குப் பார்ப்போம். 415 வோல்ட்டில் ஓடும் 15 எச்.பி. மோட்டாரின் பெயர்ப்பலகையில் சுமார் 21 ஆம்பியர் என்றிருக்கும். உங்கள் அரவையில் அது 11 ஆம்பியர்தான் இழுக்கிறது, உண்மையான திறன் 4.2 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 1.732-ஐ 415-ஆலும் 11-ஆலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 7.9 கேவிஏ வரும், மோட்டார் மொத்தமாக இழுப்பது அதுதான், 4.2-ஐ 7.9-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர் 0.53. 7.9-இன் வர்க்கத்திலிருந்து 4.2-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால், இதில் கைமாற்றின் பங்கு 6.7 கேவிஏஆர். இதே மோட்டார் முழுப் பாரத்தில் ஓடினால் அந்தப் பங்கு 8 கேவிஏஆர் அளவுக்கு உயரும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் 6.1 அளவில் நிற்கும். வேலை மூன்று மடங்கு கூடினாலும் கைமாற்று 6.1-க்கும் 8-க்கும் இடையில்தான் அசைகிறது. இதனால், பாரம் எப்படி மாறினாலும் ஒரே அளவுள்ள ஒரு கெப்பாசிட்டரை மோட்டாருடன் சேர்த்து ஓடவிட்டாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது.

கெப்பாசிட்டர் செய்வது, அந்தக் கைமாற்றைப் பக்கத்திலிருந்தே கொடுத்து வாங்குவதுதான். மோட்டார் கேட்கும் தருணத்தில் அது கொடுக்கிறது. மோட்டார் திருப்பித் தரும் தருணத்தில் அது வாங்கிக்கொள்கிறது. இந்தப் போக்குவரத்து ஈ.பி. மீட்டர் வழியாகப் போகாமல் ஸ்டார்ட்டருக்கும் மோட்டாருக்கும் அருகிலேயே முடிந்துவிடுகிறது.

ஏஜென்ட் காட்டிய வித்தைக்கு வருகிறேன். சரியான கெப்பாசிட்டரைப் போட்டால் வரும் வழியில் 11 ஆம்பியர் 6-க்குச் சற்று மேலாக இறங்கும். இது உண்மை. "பாருங்கள் சார், பாதி மிச்சம்" என்று அவர் சொல்வதுதான் பொய், ஏனென்றால் 4.2 கிலோவாட் அப்படியே இருக்கிறது, யூனிட் மீட்டர் எண்ணுவது அந்தக் கிலோவாட்டைத்தான். மீட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் வரை 30 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போகிறதென்றால், அதில் சூடாக வீணாகும் திறன் 50 வாட்டிலிருந்து சுமார் 16 வாட்டாகக் குறையும். எட்டு மணி நேரம் ஓடினால் மிச்சம் கால் யூனிட்டுக்குச் சற்று கூடுதல். யூனிட்டில் கிடைக்கும் லாபம் அவ்வளவே. உங்களுக்கு மிச்சமாவது அபராதம். அதற்காக மட்டும் கெப்பாசிட்டர் வாங்குங்கள். இதே வித்தையைக் காட்டி, அபராதமே விதிக்கப்படாத வீடுகளுக்கும் "மின் சேமிப்பான்" என்ற பெயரில் ஒரு டப்பாவை விற்கிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு சிறிய கெப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும்தான்.

இந்த இடத்தில் நேர் எதிரான ஒரு குழப்பமும் நேர்வதுண்டு. கெப்பாசிட்டரை இணைத்த இடத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் அது 11 ஆம்பியரையே காட்டும், ஏனென்றால் மோட்டார் எப்போதும்போல இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, நல்ல கெப்பாசிட்டரைக் கெட்டுவிட்டது என்று கழற்றி எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். இணைப்புக்கு முன்னால், மெயின் ஸ்விட்ச் பக்கத்துக் கேபிளில் மாட்டினால்தான் வித்தியாசம் தெரியும்.

அளவைத் தீர்மானிக்க ஒரு நாள் காலையில் பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரை டெல்டாவில், அதாவது ஸ்டார்ட் ஆகி முடிந்த வழக்கமான ஓட்ட நிலையில், வெறுமனே ஓடவிட்டு, ஆம்பியரைப் பாருங்கள். 8.5 என்று வந்தால் அது 6.1 கேவிஏஆர். அதில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது 5.5. கடையில் கிடைக்கும் டப்பாவின் மேல் பெரும்பாலும் 440 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அந்த வோல்ட்டுக்குத்தான் அதன் அளவு. 415 வோல்ட்டில் அது சுமார் 89 சதவீதமே தரும். ஆகவே 6 கேவிஏஆர், 440 வோல்ட் என்று எழுதிய ஒன்றை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது 5.3. அது 6.7-இல் கழிந்தால் மிச்சம் 1.4, பவர் ஃபேக்டர் 0.95-க்கு அருகில் வரும், ஆம்பியர் 6.1 ஆகும். இரண்டு மோட்டார்களுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று போதும்.

25 கேவிஏஆர் பெட்டியைப் பொதுப் பேனலில் மாட்டினால் என்ன ஆகும்? இரண்டு மோட்டார்களும் சேர்ந்து கேட்பது 13 அல்லது 14. மிச்சம் முழுவதும் எதிர்த்திசையில், அதாவது லீடிங்காக, ஈ.பி. பக்கம் போகும். மோட்டார்களை நிறுத்திய பிறகும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் இரவு முழுவதும் அதே கதைதான். லீடிங்கையும் குறைவான பவர் ஃபேக்டராகவே கணக்கிடும் மீட்டர் இருக்குமானால், காசு கொடுத்து அபராதத்தை வாங்கியதாகிவிடும். பில்லில் அபராதத் தொகையைப் பைசா வரை அச்சிடுகிறார்கள். எத்தனை கேவிஏஆர் குறைகிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த ஏஜென்ட்டுகளில் பாதிப் பேருக்குப் பிழைப்பே இருந்திருக்காது.

இனி, எங்கே இணைப்பது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 15 எச்.பி. மோட்டாருக்கு நிச்சயம் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்தான் வைத்திருப்பீர்கள். நேரடியாக ஆன் செய்யும் சிறிய மோட்டாரில் கெப்பாசிட்டரை மோட்டார் டெர்மினலிலேயே கட்டுவது வழக்கம், அதில் தவறில்லை. அதே பழக்கத்தில் ஸ்டார்-டெல்டாவிலும் கட்டிவிடுகிறார்கள். கைப்பிடி வைத்த பழைய ஸ்டார்ட்டரில், கைப்பிடியை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்குத் தள்ளும் அந்தச் சிறு இடைவெளியில் மோட்டாருக்கு வரும் மின்சாரம் முழுவதும் அறுந்துபோகிறது. மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். டெர்மினலில் கெப்பாசிட்டர் இருந்தால் அது காந்தப்புலத்தை அணைய விடாமல் ஊட்டிக்கொண்டே இருப்பதால், மோட்டார் ஒரு ஜெனரேட்டராக மாறித் தன் சொந்த வோல்டேஜை உண்டாக்கி வைத்திருக்கும். வேகம் சற்றுக் குறைவதால் அந்த வோல்டேஜ் ஈ.பி. வோல்டேஜோடு தாளம் தப்பிவிடுகிறது. அந்த நிலையில் டெல்டா ஒட்டும்போது இரண்டும் மோதுகின்றன. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இதை நேரில் கேட்டிருக்கிறேன்: ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம், பெல்ட் ஒரு அடி துள்ளும். மூன்று மாதங்களில் இரண்டு பெல்ட்டும் ஒரு செட் கான்டாக்டும் போய்விட்டன. அவர்கள் மோட்டாரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே சொன்ன 90 சதவீத எல்லையும் இதே காரணத்தால் வந்ததுதான்: அதைத் தாண்டிய கெப்பாசிட்டர் டெர்மினலில் இருந்தால், மோட்டாரை நிறுத்திய பிறகும் வோல்டேஜ் சில நொடிகள் வழக்கத்துக்கு மேலேகூட ஏறக்கூடும்.

எனவே கெப்பாசிட்டரை ஸ்டார்ட்டருக்கு முன்னால், வரும் வழியில், தனி ஃபியூஸும் கெப்பாசிட்டர் டியூட்டி கான்டாக்டரும் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். அந்தக் கான்டாக்டரின் காயிலுக்கு மின்சாரம், டெல்டா கான்டாக்டரின் துணைக் கான்டாக்ட் வழியாக வர வேண்டும். அப்போது மோட்டார் டெல்டாவுக்குப் போன பிறகே கெப்பாசிட்டர் சேரும். மோட்டாரை நிறுத்தினால் தானும் விலகிவிடும். இப்படி இணைத்தால் ஓவர்லோடு ரிலேயின் அளவை மாற்ற வேண்டியதில்லை, ஏனென்றால் ரிலே வழியாகப் போவது மோட்டாரின் பழைய ஆம்பியர்தான். உங்களுடையது கைப்பிடி ஸ்டார்ட்டர் என்றால், அதைத் தானியங்கி ஸ்டார்ட்டராக மாற்றிவிட்டு இதைச் செய்வது நல்லது. வேகத்தை மாற்றும் டிரைவ் வைத்திருந்தால், டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கெப்பாசிட்டரைக் கட்டவே கூடாது.

மோட்டாரைப் பெரிதாக்கிய கடைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய 7.5 எச்.பி. மோட்டார் இதே அரவையை 0.75-க்கு அருகிலான பவர் ஃபேக்டரில் ஓட்டியிருக்கும். அது ஏன் எரிந்தது, பேரிங்கா, ஒரு பேஸ் போனதா, பிளேடு மழுங்கியதா என்று பார்க்காமல் எச்.பி.-யை இரட்டிப்பாக்குவது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வாங்கியதை இப்போது மாற்றச் சொல்ல மாட்டேன்.

மாட்டிய அன்றே கெப்பாசிட்டருக்குப் போகும் மூன்று வயர்களிலும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 7.4 ஆம்பியர் அளவில் வர வேண்டும். புது டப்பாவிலேயே 4 அல்லது 5 என்று வந்தால், மேலே எத்தனை கேவிஏஆர் என்று அச்சிட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய செல்லுக்குப் புதுச் சட்டை போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு மாதம் ஒருமுறை இதே அளவை எடுத்து, கான்டாக்டர் பெட்டியின் கதவின் உட்புறத்தில் பென்சிலால் தேதியுடன் குறித்து வையுங்கள். ஒரு வயரில் மட்டும் இறங்கினாலோ டப்பாவின் மேல்மூடி உப்பினாலோ மாற்றிவிட வேண்டும். கழற்றுவதற்கு முன் மெயினை அணைத்து ஐந்து நிமிடம் காத்திருந்து, டெர்மினல்களுக்கு இடையே வோல்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கச் சொல்லுங்கள்; உள்ளே இருக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் அணைத்த கெப்பாசிட்டரும் தூக்கி அடிக்கும்.