அப்பச்சிக்கு வீட்டிலேயே முடி வெட்டலாமா?

அன்புள்ள அக்கா,

எங்களுக்குத் தேவகோட்டை. அப்பச்சிக்கு 79 வயது. தலையெல்லாம் வெள்ளை. உச்சியில் பஞ்சு மாதிரி கொஞ்சம்தான் இருக்கிறது, காதோரமும் பிடரியும் மட்டும் அடர்ந்து சிலிர்த்து நிற்கிறது. கடைப்படி ஏற முடியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். போன தடவை பிடரியில் கத்தி பட்டு, ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. மொட்டை வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கிறார். நானே வெட்டிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாக வெட்டலாம். மொட்டை வேண்டாம் என்று அவர் சொல்வதை மதியுங்கள். அதற்குத் தேவையும் இல்லை. சீப்பு மாட்டுகிற கட்டிங் மிஷின் ஒன்று இருந்தால் போதும்.

மெல்லிய முடியை நீளமாக விட்டால் அது படிந்து, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். நடுவில் தலைத்தோல் கோடு கோடாகத் தெரியும். குட்டையாக வெட்டினால் ஒவ்வொரு முடியும் தனியாக நிற்கும், தோல் அவ்வளவு தெரியாது. உச்சி வெறுமையாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் பக்கத்து முடிதான். அங்கே அடர்த்தி கூடக் கூட, மேலே இருப்பது இன்னும் குறைவாகத் தெரியும். அதனால் உச்சிக்கு 3ஆம் நம்பர் சீப்பு, பக்கங்களுக்கும் பிடரிக்கும் 2ஆம் நம்பர். 3 என்றால் சுமார் 10 மில்லிமீட்டர், 2 என்றால் 6. உங்கள் மிஷினில் வேறு அளவு போட்டிருந்தால் மில்லிமீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை 4ஆம் நம்பரில் தலை முழுக்க ஒருமுறை ஓட்டிவிடுங்கள். கை பழகும், அப்பச்சிக்கும் பயம் போகும். பிறகு குறைத்துக்கொள்ளலாம், வெட்டியதைத்தான் ஒட்ட முடியாது.

காலை வெயில் விழுகிற முற்றத்தோரம், கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவையுங்கள். கீழே பழைய வேட்டி ஒன்றை விரித்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் தளத்தில் வெட்டிய முடி கிடந்தால் நன்றாக வழுக்கும். எழுந்திருக்கும்போது வேட்டியும் காலில் சிக்கக் கூடாது, அதை முதலில் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. முந்தின நாள் குளித்துக் காய்ந்த தலையாக இருந்தால் முடி சீப்பில் சிக்காது. இடது கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராக மெதுவாக ஓட்டுங்கள். அழுத்தவே வேண்டாம். சுழியில் முடி வட்டமாக வளரும் என்பதால் அங்கே நாலு பக்கமிருந்தும் ஓட்ட வேண்டும். பக்கத்திலிருந்து மேலே போகும்போது, தலை வளைகிற இடத்தில் மிஷினை வெளிப்பக்கமாக விலக்கி எடுங்கள். அப்போதுதான் இரண்டு நம்பருக்கும் நடுவில் படிக்கட்டு மாதிரிக் கோடு விழாது. அவ்வப்போது பிளேடை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுடுகிறது என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். வயதானவர் தோல் மெல்லியது, நமக்குச் சூடாகத் தெரிவது அவருக்குச் சுட்டுவிடும்.

இனி பிடரிக்குக் கத்தியே வேண்டாம். சீப்பில்லாத சிறிய ட்ரிம்மரை மேலிருந்து கீழாக ஓட்டினால் போதும், கொஞ்சம் முள் தெரிந்தால் தெரியட்டும். காது மடலில் வளர்ந்த முடியையும் ட்ரிம்மரால் வெட்டுங்கள், பிடுங்காதீர்கள். தப்பித் தவறிக் கீறிவிட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் மறுபடி கசியும். அதற்கும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முடி வெட்டுவதற்காக மாத்திரையை ஒரு வேளை கூட நிறுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாளைக்கு யாரையாவது வீட்டுக்கே வரவழைத்து வெட்டினாலும், முடிவில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்க விடாதீர்கள். அந்தத் திடீர்த் திருப்பலில் மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். தலையைப் பின்னால் சாய்த்துத் தொட்டி விளிம்பில் வைத்துக் கழுவுவதும் இந்த வயதில் ஆபத்துதான். குனிந்து குளித்தால் போதும்.

அப்புறம் பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. மாதம் ஒருமுறை வெட்டுங்கள். வாரம் இரண்டு தடவை மென்மையான ஷாம்பு போடுங்கள். சீயக்காய்த் தூளைத் தேய்த்தால் மெல்லிய தோல் எரியும், விட்டுவிடலாம். தலையில் எண்ணெய்ப் பிசுக்கான பொடுகு இருந்தால் நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி.

முடி குறைந்ததும் வெயில் நேராகத் தலைத்தோலில் படும். வெளியே போகும்போது தலையில் துண்டு போடச் சொல்லுங்கள். வெட்டும் நாளில்தான் தலை முழுக்க உங்கள் கண்ணில் படும் என்பதால் நிதானமாகப் பாருங்கள். சொரசொரப்பான திட்டோ, நாலு வாரமாகியும் ஆறாத புண்ணோ தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா