செருப்பு அகலம் போதவில்லை என்று 41 வாங்கலாமா? படம் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: எனக்கு 44 வயது. நாள் முழுக்க நின்றபடி வேலை. 39 அளவு செருப்பில் சுண்டுவிரல் வெளியே வழிந்து நிற்கிறது. 41 வாங்கினால் ஓரளவு அடங்குகிறது, ஆனால் சாயங்காலம் உள்ளங்காலும் விரல் நுனியும் வலிக்கின்றன. ஏ4 தாள்மேல் நின்று மேலிருந்தும், உள்பக்கமிருந்தும் எடுத்த படங்களையும் ஈரக்கால் தடத்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். எப்படிப்பட்ட செருப்பு எனக்கு ஒத்துவரும் டாக்டர்? சர்க்கரை நோய் இல்லை.

பதில்:

நீங்கள் தாளோடு சேர்த்துப் படம் எடுத்தது நல்ல காரியம். வெறும் பாதத்தின் படத்தைப் பார்த்து ‘அகலமான கால்’ என்று சொல்வது கண் மதிப்பீடுதான். தாள் இருந்தால் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. உங்கள் படத்தைத் திரையில் அளந்தால் அந்த நீளம் 1485 புள்ளிகள் வருகிறது. ஆக, 5 புள்ளிக்கு ஒரு மி.மீ. குதிகாலின் பின்முனையிலிருந்து நீண்ட விரலின் நுனி வரை 1240 புள்ளி, அதாவது 248 மி.மீ. அகலம் 535 புள்ளி, 107 மி.மீ.

இதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. தாள் தரையில் கிடக்கிறது. பாதத்தின் அகன்ற விளிம்போ தரையிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. மேலே இருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். போனை அரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் இந்த 2 செ.மீ. வித்தியாசத்தால் மட்டும் அகலம் 4 சதவீதம் கூடுதலாக விழும். 10 செ.மீ. கால் 10.4 ஆகிவிடும், சாதாரணக் கால் அகலக் கால் என்று பெயர் வாங்குவது இப்படித்தான். நெஞ்சுயரத்திலிருந்து, அதாவது சுமார் 1.2 மீட்டரிலிருந்து எடுத்தால் பிழை 2 சதவீதத்துக்குள் அடங்கும். உங்கள் படத்தில் இரண்டு கால்களும் நேராக நிற்கின்றன, தாளின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே நீளமாக விழுந்திருக்கின்றன. வேறொருவர் அந்த உயரத்திலிருந்து செங்குத்தாக எடுத்திருக்கிறார் என்று தெரிகிறது. நாமே குனிந்து எடுத்தால் உடல் எடை முன்னால் சாயும், தாளின் ஒரு விளிம்பு குறுகித் தெரியும். அந்தப் படத்தை அளந்து பயனில்லை.

கழிவு போக உங்கள் நீளம் 246 மி.மீ., அகலம் 105 மி.மீ. அகலத்தைக் கட்டைவிரலின் அடிமூட்டு மேட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டு மேடு வரை, சற்றுச் சாய்வாகத்தான் அளந்தேன். சுண்டுவிரல் மூட்டு எப்போதும் கொஞ்சம் பின்தள்ளியே இருக்கும், செருப்பின் அகன்ற இடமும் அதே சாய்வில்தான் வெட்டப்படுகிறது. அகலத்தை நீளத்தால் வகுத்தால் 42.7 சதவீதம். பொதுவாக இது 40-ஐ ஒட்டி நிற்கும். ஆகவே உங்கள் கால் அகலமானதுதான்; நீளமானது அல்ல. ஐரோப்பிய அளவு தெரிய, செ.மீ. நீளத்தோடு 1.5 கூட்டி, வந்ததை 1.5-ஆல் பெருக்குங்கள்: 24.6 + 1.5 = 26.1, பெருக்கினால் 39.15. நீங்கள் 39 தான்.

அப்படியானால் 41 ஏன் வலிக்கிறது என்பது இப்போது புரியும். இந்த அளவு முறையில் ஒரு எண் ஏறினால் நீளம் 6.7 மி.மீ. கூடும், அகலம் ஓரிரு மி.மீ. தான் கூடும். இரண்டு எண் ஏறி நீங்கள் பெற்ற அகலம் மூன்று நான்கு மி.மீ., அதற்குக் கொடுத்த விலை 13 மி.மீ. வீண் நீளம். அந்த நீளம் முன்னால் காலியாகக் கிடந்தால்கூடப் பரவாயில்லை. செருப்பு மடங்கும் இடமும் அதனோடு முன்னே போய்விடுகிறது. பாதம் மடங்குவது விரல்களின் அடிமூட்டில், குதிகாலிலிருந்து மொத்த நீளத்தின் முக்கால் பங்குக்குச் சற்று முன்பு. 41-ல் அந்த மடிப்பு உங்கள் மூட்டுக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. முன்னால், விரல்களுக்கு அடியில் விழுகிறது. உள்ளங்கால் வளைவுக்காக வைத்த மேடும் இடம் தவறி முன்னே தள்ளிக் குத்துகிறது. போதாததற்கு, தளர்ந்த செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் சுருண்டு பிடிக்கின்றன. உங்கள் படத்தில் இரண்டாம் விரலின் நுனியில் தோல் தடித்து மஞ்சளடித்திருக்கிறதே, அது இந்தப் பிடியின் தழும்பு. பழைய 41 செருப்பின் மேல்தளத்தைப் பாருங்கள்: விரல் நுனிகள் ஊன்றிய ஐந்து குழிகள் ஆழமாக இருந்து, அவற்றுக்கு முன்னால் இரண்டு செ.மீ. அளவுக்குப் புதிதுபோல இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து வளைவு. மேலிருந்து எடுத்த படத்தில் வளைவு தெரியாது. உள்பக்கப் படத்தையும் முழங்கால் உயரத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அதில் தெரிவது நிழல்தான், வளைவின் உயரம் அல்ல. போனைத் தரையிலேயே நிறுத்தி வைத்து எடுத்தால்தான் உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரியும். நல்லவேளையாக ஈரத்தடம் அனுப்பினீர்கள். அதில் முன்பாதத்தின் அகன்ற இடம் 92 மி.மீ., நடுவே குறுகிய இடம் 49 மி.மீ. பாதிக்குச் சற்று மேலே போகிறது. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குக் கொஞ்சம் குறைவு வரை இருந்தால் சாதாரண வளைவு. உங்களுடையது தாழ்ந்த வளைவு. தண்ணீர் அதிகமாக இருந்தால் தடம் பரவி, இல்லாத தட்டைப் பாதத்தைக் காட்டும். அதனால் காலை ஒருமுறை துடைத்துவிட்டு, இரண்டு காலிலும் சமமாக நின்று, இன்னொரு தடம் எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த வளைவு என்றாலே நோய் என்று நினைத்துவிட வேண்டாம். சுவரைத் தொட்டபடி முன்விரல்களில் எழும்பி நில்லுங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு எழும்பினால், நெகிழ்வான தாழ்வளைவு. பலருக்கும் இருப்பது, வலி இல்லாதவரை சிகிச்சை வேண்டாதது. எழும்பவே இல்லை என்றாலோ, முன்பு நன்றாக இருந்த ஒரு கால் மட்டும் சமீபத்தில் தட்டையாகி, கணுக்காலின் உள்பக்கம் வீங்கி, அந்த ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க முடியவில்லை என்றாலோ செருப்புக் கடைக்குப் போகாதீர்கள். வளைவைத் தாங்கும் தசைநாண் நலிந்திருக்கலாம், நேரில் காட்டுங்கள். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தாலும் அப்படியே. மரத்த காலுக்கு எந்தச் செருப்பும் ‘சௌகரியமாக’த்தான் தோன்றும், அது உரசிப் புண்ணாக்குவது தெரியாது.

நெகிழ்ந்த தாழ்வளைவுக்கு உயரமான வளைவுமேடு வைத்த செருப்பைப் பலர் தேடிப்போய் வாங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. கெட்டியான உயர மேடு, இறங்க வேண்டிய இடத்தில் எலும்பை முட்டிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு வேண்டியது தாழ்ந்த மேடு, முறுக்கினால் துணிபோலத் திரும்பாத அடித்தளம், குதிகால் உட்காரச் சிறு குழி, பின்வார். கடையில் செருப்பின் இரு முனைகளையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். முன் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் மடங்கினால் நல்லது. நடுவில் மடங்கினால் வேண்டாம்.

விரல்கள். உங்களுக்கு இரண்டாம் விரல் கட்டைவிரலைவிட 4 மி.மீ. நீளம். இது குறை இல்லை. ஆனால் கடையில் கட்டைவிரல் நுனியை வைத்து அளவு பார்த்தால் அந்த 4 மி.மீ. கணக்கில் வராமல், இரண்டாம் விரல் செருப்பின் விளிம்பைத் தாண்டும். நான் மேலே நீளம் எடுத்தது இரண்டாம் விரலுக்கே. கட்டைவிரல் உள்ளே லேசாகச் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே புடைத்திருக்கிறது. சுண்டுவிரலும் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. இந்தப் புடைப்பின்மேல் வாரின் விளிம்போ தையலோ ஏறினால் அங்கே சிவந்து காய்ப்பு பிடிக்கும். முன்வார் மூட்டைச் சேர்த்து அகலமாக மூட வேண்டும், அல்லது மூட்டுக்கு முழுதாகப் பின்னால் போக வேண்டும். நடுவில் கடக்கக் கூடாது. விரலிடையில் நுழையும் வார் வைத்த செருப்பை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அது கழலாமல் நிற்பதே கட்டைவிரலும் இரண்டாம் விரலும் கவ்வுவதால்தான். உங்கள் விரல்கள் ஏற்கெனவே கவ்விக் களைத்தவை. முன்னும் பின்னும் தனித்தனியாக இறுக்கித் தளர்த்தும் வெல்க்ரோ வார் இருந்தால், காலையில் ஒரு அளவிலும் கால் வீங்கும் மாலையில் இன்னொரு அளவிலும் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்கோ இணையத்தில் விற்பவருக்கோ எழுதுவதானால் இவ்வளவு போதும்: ‘நீளம் 24.6 செ.மீ., இரண்டாம் விரல் வரை. முன்பாத அகலம் 10.5 செ.மீ. வளைவு தாழ்வு. கட்டைவிரல் மூட்டில் புடைப்பு. 39-ல் அகலப் படி வேண்டும், பின்வாருடன்.’ ‘அகலமான கால்’ என்று மட்டும் எழுதினால் 41-ஐத்தான் நீட்டுவார்கள். மேல்தளத்தின் உள்அகலம் எத்தனை மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். 105-க்குக் குறைவென்றால் உங்கள் சுண்டுவிரல் மறுபடி வெளியேதான். 108 முதல் 110 வரை வசதி.

வாங்கும் முன் ஒரு சோதனை. மாலையில், நின்றபடி, பாதத்தைச் சுற்றித் தாளில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் வரையுங்கள், பெரியதே கணக்கு. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைந்தால் கோடு பாதத்திலிருந்து பென்சிலின் பாதித் தடிமன் அளவு தள்ளி விழும். 7 மி.மீ. பென்சில் என்றால் பக்கத்துக்கு மூன்றரை, மொத்தத்தில் 7 மி.மீ. பெரிய பாதம். ஆகவே கோட்டுக்கு உள்ளே அந்த மூன்றரையை விட்டு வெட்டுங்கள். வெட்டிய தாளைச் செருப்பின் மேல்தளத்தில் குதிகால் ஓரத்துக்கு 3 மி.மீ. முன்னால் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் மூட்டுப் பக்கம் தாள் விளிம்பைத் தாண்டக் கூடாது, முன்னால் இரண்டாம் விரலுக்கு அப்பால் 5 முதல் 8 மி.மீ. மிஞ்ச வேண்டும். தாள் அடங்கிய செருப்பை மட்டும் காலில் போட்டு, கடைக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். விரல்கள் நீண்டு படுத்திருக்கின்றனவா, சுருண்டு பிடிக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். சுருண்டால் முதலில் பின்வாரை ஒரு சுற்று இறுக்குங்கள். அப்படியும் சுருண்டால் அந்த ஜோடியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.